புதிதாக வந்திருக்கும் சக ஊழியர்களுக்கு வரவேற்புரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மாறி வந்து, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் இங்கே உட்கார்ந்திருக்கும் 14 பேருக்கும் நிர்வாகப் பிரிவின் சார்பில் நல்வரவு. நிறுவனத்தின் பெருமையை மதியம் இயக்குநர் பேசுவார். நான் வீடு, பணம், காப்பீடு பற்றி மட்டும் பேசுகிறேன்.

விருந்தினர் விடுதியில் உங்களுக்கு 21 நாள் தங்க இடம் உண்டு. அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரமே வீடு பிடிக்க அலைய வேண்டாம். அவசரத்தில் பிடித்த வீட்டைத்தான் பலர் ஆறு மாதத்தில் காலி செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பிடித்துப்போன வீட்டிலிருந்து வேலைநாள் காலையில் ஒருமுறை அலுவலகம் வந்து பாருங்கள். இருபது நிமிடம் என்று நினைத்த தூரம் அன்றைக்கு ஒரு மணி நேரமாகலாம். உள்ளே போனதும் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு போனில் பேசிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள்: காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பாதியில் போனால் என்ன பிடிப்பார்கள், முன்பணம் எப்போது திரும்பும். சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், சுவர்க் கீறல், தரைக்கறை, மின் மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத் தகராறு பெரும்பாலும் பழைய கறை யாருடையது என்பதில்தான் வரும். தேதியோடு படம் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். தரகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

சம்பளப் பட்டியல் 20-ஆம் தேதி மூடும். அதற்குள் வங்கிக் கணக்கு விவரம் வரவில்லை என்றால் இந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடுதான் சேர்ந்து வரும். அப்போது என்னைத் திட்டிப் பயனில்லை. சாமான் ஏற்றிவந்த செலவுக்கான ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். அப்படி வாங்கியிருந்தால் இன்றே அந்த வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுப் பெயர் மாற்றி வாங்குங்கள். நாளாக ஆக அவர்கள் போனை எடுப்பது குறையும்.

மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்தினர் பெயரைச் சேர்க்க, சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். தவறினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும். குடும்பம் பின்னால் வரட்டும், பெயர் இப்போதே போகட்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு இந்த வாரம் முழுக்க உங்கள் குழுவினர் வந்து அழைப்பார்கள். கூச்சப்பட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். எந்தப் பகுதியில் வீடு தேடலாம் என்று அங்கே கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது இரண்டாம் மாடிக்குப் போகலாம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறார்கள், 12 மணிக்கு மூடிவிடுவார்கள்.