பொருள்: 'குழித்தறி' நாவலின் அட்டையில் தலைப்பு எழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். அட்டை வந்தது. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளை அட்டை முழுக்க ஓடவிட்டிருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்தச் சிவப்பும் பச்சையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்துக் கிடந்த அதே நிறங்கள். பட்டைகளில் கை வைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது தலைப்பு எழுத்தைப் பற்றி மட்டும்தான்.

அட்டையை அச்செடுத்துத் திண்ணைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி அப்பாவை உட்கார வைத்தேன். நாற்பது வருடம் குழிக்குள் கால் விட்டு மிதி மிதித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். முதல் வரியை 'குழி' என்று படித்து நிறுத்திவிட்டார். "சவக்குழியா அம்மிணி?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. இரண்டாவது வரியை 'தரி' என்று படித்தார்.

அவர் மேல் தப்பில்லை. மேல் வரியில் 'குழி', கீழ் வரியில் 'த்தறி' என்று சொல் உடைந்து நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கினால் எப்படி வாய்விட்டுப் படிப்பது? ஐந்து எழுத்துதானே, ஒரே வரியில் வரட்டும். இடம் போதவில்லை என்றால் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலும் சம்மதம். உடைக்க மட்டும் வேண்டாம்.

'றி' தான் எனக்குப் பெரிய கவலை. எழுத்தும் சிவப்பு, அதன் அடியில் ஓடும் பட்டையும் சிவப்பு. ற-வின் வால் பட்டைக்குள் மறைந்து, ர போலவே தெரிகிறது. தறி இல்லாமல் இந்த நாவலே இல்லை, தம்பி. எழுத்தைச் சாயம் ஏறாத பருத்தி நூலின் வெள்ளையில் போட்டுப் பாருங்கள். வாலைத் தாராளமாகக் கீழே இறக்குங்கள்.

புள்ளியை நூல் முடிச்சாக வரைந்த யோசனை மிக அழகு, அது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் பத்தடியில் அது கண்ணுக்கே தெரியவில்லை. இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக, எழுத்தைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கட்டும்.

எழுத்தின் கோடுகளும் மெலிந்திருக்கின்றன. பட்டுச் சேலைக்கு அது பொருந்தும். ஜமக்காளம் முரட்டு நூலில் நெய்வது. தடவினால் கையில் உறுத்தும். எழுத்தும் அப்படித் தடிமனாக, ஓரங்களில் லேசான சொரசொரப்போடு இருந்தால் போதும். 'ழி'யின் சுழியை நீங்கள் போட்டிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். கீழே என் பெயர் இன்னும் சிறிதானாலும் பரவாயில்லை.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் புத்தகம் வந்தாக வேண்டும். அச்சகத்தில் ஜூலை 10-க்குள் அட்டையைக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தியதை அனுப்பினால் மறுபடியும் சுவரில் ஒட்டி அப்பாவைப் படிக்கச் சொல்லி, அன்று மாலையே பதில் எழுதுகிறேன். எழுத்தில் சொல்லிப் புரியாதது இருந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா
பவானி