CS3451 ஓஎஸ் நோட்ஸ்: யூனிட் வாரியா டாபிக் மேப்

மக்களே, இந்த செம் ஓஎஸ் நோட்ஸ் மொத்தத்தையும் ரெகுலேஷன் 2021 சிலபஸ் தலைப்புக்குக் கீழ கொண்டு வந்தாச்சு. மேம் நடத்துன ஆர்டர் வேற சிலபஸ் ஆர்டர் வேற, அதனால தேதிய வச்சு தேடாதீங்க, தலைப்ப வச்சு தேடுங்க. நீ-ன்னா நீல நோட்டு, ப-ன்னா பச்சை நோட்டு, பக்கத்துல இருக்கறது பக்க நம்பர்.

யூனிட் 1, இன்ட்ரொடக்ஷன்: நீ 1-14. சிஸ்டம் கால் மட்டும் நீ 9, மத்ததெல்லாம் வரிசையா இருக்கு.

யூனிட் 2, ப்ராசஸ் மேனேஜ்மென்ட்: சிபியு ஷெட்யூலிங் நீ 19-27, த்ரெட்ஸ் நீ 28. சிங்க்ரனைசேஷன் நீ 31-40, டெட்லாக் ப 2-11. டைனிங் ஃபிலாசஃபர்ஸ் சிலபஸ்படி சிங்க்ரனைசேஷன்லதான் வரும், ஆனா அஞ்சு பேரும் ஒரே நேரத்துல இடது கைப்பக்க குச்சிய எடுத்துட்டா அதுதான் சர்க்குலர் வெயிட், அதனால அங்கிருந்து டெட்லாக்கோட நாலு கண்டிஷனுக்கு ஒரு அம்புக்குறி போட்டிருக்கேன், ரெண்டையும் சேர்த்து படிச்சா 13 மார்க் கேள்வி எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் எழுதிடலாம். பேங்கர்ஸ் அல்காரிதம் டெட்லாக் அவாய்டன்ஸ் தலைப்புக்குக் கீழ, ப 7.

யூனிட் 3, மெமரி: ப 12-29. டிஎல்பி-ங்கிற பேரு சிலபஸ்ல தனியா இருக்காது, பேஜிங்குக்குக் கீழ சேர்த்திருக்கேன். பேஜ் ரீப்ளேஸ்மென்ட்ல ப 21 பாருங்க: 1,2,3,4,1,2,5,1,2,3,4,5 இந்த ஸ்ட்ரிங்குக்கு ஃபிஃபோல 3 ஃப்ரேம்னா 9 ஃபால்ட், 4 ஃப்ரேம்னா 10, ஃப்ரேம் கூடுனா ஃபால்ட்டும் கூடுது, இதான் பெலடி அனாமலி, எல்ஆர்யு-ல இது வரவே வராது. த்ராஷிங்ல இருந்து யூனிட் 2-க்கு ஒரு அம்பு திரும்பிப் போகும், ஏன்னா பேஜிங்லயே நேரம் போயி சிபியு சும்மா இருக்கறதப் பாத்து ஓஎஸ் இன்னும் ப்ராசஸ உள்ள விடும், நிலைமை இன்னும் மோசமாகும்.

யூனிட் 4, ஸ்டோரேஜ்: டிஸ்க் ஷெட்யூலிங் ப 30-34. ஹெட் 53-ல இருக்கற கணக்கு (98,183,37,122,14,124,65,67) எஃப்சிஎஃப்எஸ் 640, எஸ்எஸ்டிஎஃப் 236, விடை சரிபாத்துக்கோங்க. ஃபைல் சிஸ்டம் ப 35-44, அலொகேஷன் மெத்தட்ஸ் ப 41.

யூனிட் 5, விர்ச்சுவல் மெஷின், மொபைல் ஓஎஸ்: ஹைப்பர்வைசர் டைப் 0, 1, 2 ப 46. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னல் மேல நிக்குது, ஐஓஎஸ் டார்வின் மேல, ரெண்டும் ப 49. ஆனா பில்டிங் ப்ளாக்ஸ் தலைப்புக்குக் கீழ ட்ராப் அண்ட் எமுலேட் மட்டும்தான் இருக்கு, பைனரி ட்ரான்ஸ்லேஷன் நம்ம செட்ல யார் நோட்லயும் காணோம். அன்னைக்கு மத்தியான லேப் பேட்ச்ல உக்காந்திருந்தவங்க யாராவது எழுதியிருந்தா வியாழக்கிழமைக்குள்ள போட்டோ அனுப்புங்க ப்ளீஸ், மேப்ல அந்த ஒரு கட்டம்தான் பாக்கி.