மறுமொழி: உயர்நிலை 3 தமிழ், ஆண்டு மொத்த மதிப்பெண் பற்றி

அன்புள்ள கவின்,

உன் மின்னஞ்சலை நேற்றிரவு படித்தேன். கொஞ்சம் சூடாக எழுதியிருந்தாலும் நீ போட்ட கணக்கையும் கூடவே அனுப்பியிருந்தாய். அதனால் எனக்கு வேலை சுலபமாயிற்று. "மார்க் குறைஞ்சிருக்கு, பாருங்க டீச்சர்" என்று மட்டும் வந்திருந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரிந்திருக்காது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்திருக்க வேண்டாம். உன் மொத்த மதிப்பெண் 69 தான், கிரேடு பி3 தான். அதில் மாற்றம் இல்லை. ஏன் இல்லை என்பதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நீ எழுதியது இது: ஆண்டிடையே வகுப்பில் வைத்த டபிள்யூஏ சோதனைகளில், டபிள்யூஏ 1-இல் 80, டபிள்யூஏ 2-இல் 88, டபிள்யூஏ 3-இல் 68, ஆண்டிறுதித் தேர்வில் 62. நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் 74.5 வருகிறது, முழு எண்ணாக்கினால் 75, அது ஏ1. கூட்டலும் வகுத்தலும் சரிதான். ஆனால் நாலால் வகுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு கொடுத்துவிடுகிறாய். நம் பள்ளியில் பங்கு அப்படி இல்லை. மூன்று டபிள்யூஏவுக்கும் தலா 15, ஆண்டிறுதித் தேர்வுக்கு 55. ஜனவரியில் கொடுத்த தாளில் இது இருக்கிறது. உன் கோப்பின் முதல் பிளாஸ்டிக் உறையில் அது இருப்பதைக் கோப்புகளைச் சரிபார்த்தபோது நானே பார்த்தேன்.

டபிள்யூஏ 2 ஒரு பாட வேளைக்குள் முடிந்த சோதனை, மொத்தமே 25 மதிப்பெண். ஆண்டிறுதித் தேர்வில் எழுத்துத் தாள் இரண்டு, அப்புறம் வாய்மொழி, கேட்டல் எல்லாம் சேர்ந்து 200. இரண்டையும் சரிசமமாக வைத்தால், ஒரு நாள் வகுப்பில் நன்றாகச் செய்தது ஆண்டு முழுவதும் படித்ததற்கு ஈடாகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் ஒவ்வொன்றையும் நூற்றுக்கு மாற்ற வேண்டும்.

டபிள்யூஏ 1: 24 ÷ 30 × 100 = 80
டபிள்யூஏ 2: 22 ÷ 25 × 100 = 88
டபிள்யூஏ 3: 27 ÷ 40 × 100 = 67.5
ஆண்டிறுதி: 124 ÷ 200 × 100 = 62

அந்த 124 எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தாய். தாள் 1-இல் 60க்கு 35, தாள் 2-இல் 70க்கு 42, வாய்மொழியில் 50க்கு 34, கேட்டலில் 20க்கு 13. கூட்டிப் பார். இந்த நான்கையும் தனித்தனியாக நூற்றுக்கு மாற்றத் தேவையில்லை. ஒவ்வொன்றின் முழு மதிப்பெண்ணிலேயே அதன் பங்கு அடங்கியிருக்கிறது: 200இல் 60 என்றால் 30 விழுக்காடு, 70 என்றால் 35 விழுக்காடு, அப்படியே மற்றவையும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் அதன் பங்கால் பெருக்க வேண்டும்.

80 × 0.15 = 12
88 × 0.15 = 13.2
67.5 × 0.15 = 10.125
62 × 0.55 = 34.1

மொத்தம்: 12 + 13.2 + 10.125 + 34.1 = 69.425

முழு எண்ணாக்கினால் 69. ஏ2 தொடங்குவது 70இல். 65 முதல் 69 வரை பி3.

இங்கேதான் உன் மின்னஞ்சலின் இரண்டாவது பகுதி வருகிறது. உண்மையைச் சொன்னால், முதல் பகுதியைவிட அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. 'பங்கு போட்டே பார்த்தாலும் எனக்கு 69.5 வருகிறது, 69.5 என்றால் 70 தானே' என்று கேட்டிருக்கிறாய். எனக்கு 69.425, உனக்கு 69.5. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேட எனக்கே சற்று நேரம் பிடித்தது. டபிள்யூஏ 3-இல் மாட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் கொடுத்த மதிப்பெண் சீட்டில் முழு எண்கள் மட்டும்தான் அச்சாகும், அதனால் 67.5 அங்கே 68 என்று இருக்கிறது. நீ அந்த 68ஐ எடுத்து 0.15ஆல் பெருக்கியதால் 10.2 கிடைத்தது, மொத்தம் 69.5 ஆயிற்று. அதை மறுபடியும் முழு எண்ணாக்கி 70 என்றாய். அதாவது ஒரே கணக்கில் இரண்டு முறை மேலே தள்ளியிருக்கிறாய்.

முழு எண்ணாக்குவது கடைசியில், ஒரே ஒரு முறைதான். நடுவில் செய்தால் யாருக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே முடியாது. உதாரணத்துக்கு, டபிள்யூஏ 1-இல் 30க்கு 22 வாங்கியவருக்கு 73.33 வரும். அதை 73 என்று வெட்டிவிட்டுப் பெருக்கினால் அவருக்குக் கொஞ்சம் போய்விடும், உனக்குக் கொஞ்சம் கூடிவிடும். அந்தப் பிள்ளையும் எல்லைக்கோட்டில் இருந்தால் என்ன செய்வது? அதனால் தசமம் முழுவதையும் கடைசிவரை அப்படியே வைத்துக்கொள்கிறோம். மதிப்பெண்களைப் பதியும் முறையும் அப்படித்தான் கணக்கிடுகிறது.

இன்னொரு விஷயம். பங்கே வேண்டாம், வாங்கிய மதிப்பெண்களை எல்லாம் கூட்டிப் போடலாமே என்று யாராவது உன்னிடம் சொன்னால் கேட்காதே. 197 ÷ 295, அது 66.8 தான் வரும். அந்தக் கணக்கைப் போட்டு இதுவரை யாரும் என்னிடம் முறையிட வந்ததில்லை.

உன் அண்ணனுக்கு இந்தக் கணக்கு இல்லை என்றும் எழுதியிருந்தாய். அவர் படித்த காலத்தில் அரையாண்டுத் தேர்வு இருந்தது, அதற்கென ஒரு பங்கும் இருந்தது. 2023இலிருந்து எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு கிடையாது, எனவே பங்குகளும் மாறிவிட்டன. அவருடைய பழைய தேர்ச்சி அறிக்கையை வைத்து உன்னுடையதைச் சரிபார்க்க முடியாது.

இப்போது நீ கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன், எப்படியும் இன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவாய். 69.5க்கு உனக்குக் குறைவது 0.075. ஆண்டிறுதித் தேர்வில் ஒரு மதிப்பெண் என்பது மொத்தத்தில் 0.275. டபிள்யூஏ 3-இல் ஒரு மதிப்பெண் 0.375. ஆக, ஆண்டு முழுவதிலும் எங்கேயாவது ஒரே ஒரு மதிப்பெண் கூடியிருந்தால் நீ ஏ2. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் நேற்று உன் தாள்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

கூட்டலில் பிழை இல்லை. தாள் 2-இல் பக்கம் பக்கமாகக் கூட்டினேன், முன்பக்கத்தில் இருக்கும் 42 சரி. திருத்தாமல் விட்ட கேள்வியும் இல்லை. கேட்டல் முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், அங்கே பேச எதுவும் இல்லை. வாய்மொழியில் நானும் இன்னோர் ஆசிரியரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்கள் ஒத்துப்போயின.

மிச்சம் இருப்பது கட்டுரை. அதை நீயும் குறிப்பாகக் கேட்டிருந்தாய். தாள் 1-இல், மின்னஞ்சல் எழுதும் பகுதியில் 20க்கு 13, கட்டுரையில் 40க்கு 22, அதில் கருத்துக்கு 12, மொழிக்கு 10. கட்டுரையை நிதானமாக மறுபடி படித்தேன். பேருந்தில் ஏறிய மூதாட்டி ஈஸி-லிங்க் அட்டையைப் பைக்குள் தேடும் இடம் இருக்கிறதே, அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முதலில் மருந்து உறை வருகிறது, அப்புறம் கசங்கிய டிஷ்யூ, அப்புறம் கோயில் பிரசாதப் பொட்டலம். பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு வேறு. வகுப்பில் வேறு யாரும் இவ்வளவு கூர்ந்து எழுதவில்லை. ஆனால் அதற்கே ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. தலைப்பு 'எதிர்பாராத உதவி'. அந்த உதவி உன் கட்டுரையில் இரண்டே வரியில் வந்து முடிந்துவிடுகிறது, உதவி செய்தவர் யார் என்றுகூடத் தெரியவில்லை. கேட்டதைவிட்டு வேறொன்றை அழகாக எழுதியதற்கு 12க்கு மேல் கொடுக்க முடியாது. மொழியில், அதே மூதாட்டி ஒரு வரியில் 'வந்தார்', அடுத்த வரியில் 'தேடினாள்'. 'கன்னம்' இரண்டு இடத்திலும் 'கண்ணம்'. வல்லினம் மிகும் இடங்களில் பாதிக்குமேல் விட்டுவிட்டாய். 10க்குப் பதில் 11 போடலாமா என்று யோசித்தேன். உன் தாளை மட்டும் அப்படிப் பார்த்தால் போடலாம் போலத்தான் தோன்றும். அதே மாதிரிப் பிழைகள் செய்த மற்ற தாள்களுக்கும் 10 தான் போட்டிருக்கிறேன். அவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு போட மனம் வரவில்லை.

இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றால் இத்தோடு விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தாய்மொழித் துறைத் தலைவரிடம் மறுபார்வை கேட்கலாம். அவர் தாளை வேறோர் ஆசிரியரிடம் கொடுப்பார். கேட்டதற்காக நான் வருத்தப்பட மாட்டேன், அதை மனதில் வைத்துக்கொண்டு தயங்காதே. வரும் புதன்கிழமைக்குள் கேட்டுவிடு, வெள்ளிக்கிழமை தேர்ச்சி அறிக்கை அச்சுக்குப் போகிறது. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்: மறுபார்வையில் மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம்.

அடுத்த ஆண்டு நீ எழுதும் தேசியத் தேர்வில் டபிள்யூஏ எதுவும் சேராது, இந்த 69உம் சேராது. அங்கே தேர்வில் வாங்குவது மட்டும்தான். ஆகவே நீ இப்போது பார்க்க வேண்டிய எண் 62. வாய்மொழியும் கேட்டலும் சேர்ந்து 35 விழுக்காடு, அதில் உனக்கு 70க்கு 47. கேட்டலில் 13 என்பது உனக்குக் குறைவு. வீட்டில் தமிழ் பேசுகிறாய், ஒலி 96.8 வானொலியும் ஓடுகிறது என்று நீதான் சொன்னாய். கேள்விகளை முன்கூட்டிப் படிக்காமல் ஒலிப்பதிவு தொடங்கும்வரை நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

திங்கட்கிழமை பிற்பகல் 2.30க்குத் தமிழ் அறையில் இருப்பேன். வந்தால் கட்டுரைத் தாளை நீயே கையில் எடுத்துப் பார்க்கலாம். அம்மா வர விரும்பினால் அவரையும் அழைத்து வா, நேரம் மட்டும் முன்கூட்டிச் சொல். அன்றைக்கு உனக்குப் பூப்பந்துப் பயிற்சி இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் செவ்வாய்க்கிழமை அதே நேரம்.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்