மாத முன்னேற்ற அறிக்கை எண் 8 – நவம்பர் 2024
துவாஸ் தொழிற்பேட்டைச் சாலை விரிவாக்க ஒப்பந்தம்

பெறுநர்: நிர்வாக இயக்குநர்
அனுப்புநர்: திட்ட மேலாளர், சைட் அலுவலகம்
கணக்கு முடிந்த நாள்: 30.11.2024

ஒப்பந்தத் தொகை 48,00,000 வெள்ளி. வேலை தொடங்கியது 1.4.2024, முடிக்க வேண்டியது 31.5.2025. 14 மாதத்தில் 8 மாதம் போய்விட்டது. அட்டவணைப்படி 56% முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 49%. போன மாதம் 3% பின்தங்கியிருந்தோம், இப்போது 7%.

வேலை முன்னேற்றம்

| வேலை | பங்கு % | திட்டம் % | முடிந்தது % |
|---|---|---|---|
| மண்வேலை, பழைய சாலை உடைப்பு | 15 | 100 | 100 |
| வடிகால் (620 மீ) | 30 | 80 | 60 |
| கல் அடித்தளம் | 20 | 50 | 45 |
| பிரிமிக்ஸ் | 20 | 20 | 20 |
| நடைபாதை, கெர்ப், விளக்கு | 15 | 20 | 20 |

7% இழப்பில் 6% வடிகாலில்தான். மழையால் என்று எழுதிவிடுவது சுலபம், மழை அதிகமான காலம் வேறு. ஆனால் அது பாதிக் கதைதான்.

அக்டோபர் 9 அன்று செயினேஜ் 340-க்கு மேலே, கையால் தோண்டிய சோதனைக் குழியில் 0.9 மீட்டர் ஆழத்தில் 22 கிலோவோல்ட் கேபிள் தட்டுப்பட்டது. வரைபடத்தில் காட்டிய இடத்திலிருந்து 1.4 மீட்டர் தள்ளி, நம் வடிகால் சுவருக்கு நேர் கீழே போகிறது. லைசென்ஸ் பெற்றவரை வைத்துக் கேபிள் சோதனை செய்து, குழியும் போட்ட பிறகுதான் எக்ஸ்கவேட்டரை இறக்கினோம். அதனால் யாருக்கும் அடி இல்லை, கேபிளிலும் கீறல் இல்லை. ஆனால் 340 முதல் 400 வரை 60 மீட்டரில் கை வைக்க முடியாது. கேபிளை மாற்றித் தர டிசம்பர் 12 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை.

நவம்பரில் 124 மீட்டர் வடிகால் கட்டியிருக்க வேண்டும், 62 மீட்டர்தான் ஆனது: 340 வரை மீதியிருந்த 30 மீட்டர், அப்புறம் தாண்டிப் போய் 400-லிருந்து மேலே 32 மீட்டர். இந்த மேல் பகுதியில்தான் மழை நம்மைப் பிடித்தது. கீழ்ப்பக்கம் இணைப்பு இல்லாததால் பெய்த தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளத்திலேயே நிற்கிறது. சேற்று நீரை அப்படியே பொது வடிகாலில் விட முடியாது. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பம்ப் போட்டு, வண்டல் தொட்டி வழியாக விட்டு, கம்பியைக் கழுவி, அப்புறம்தான் கான்கிரீட். பாதி நாள் இதிலேயே போகிறது. கேபிள் இல்லாமல் இருந்தால் இதே மழைக்குத் தண்ணீர் தானாகவே ஓடியிருக்கும்.

கல் அடித்தளத்தில் போன 1% மட்டும் மழையின் கணக்கு. ஈரத்தில் ரோலர் ஓட்டினால் அடர்த்திச் சோதனை தேறாது என்று நானே நிறுத்தினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை இல்லை.

நிதி நிலை (வெள்ளியில்)

| விவரம் | தொகை |
|---|---|
| திட்டப்படி வேலை மதிப்பு | 26,88,000 |
| முடிந்த வேலை மதிப்பு | 23,52,000 |
| அக்டோபர் வரை சான்றளிக்கப்பட்டது | 21,12,000 |
| 5% பிடித்தம் | 1,05,600 |
| கைக்கு வந்தது | 18,24,000 |
| நாம் செலவிட்டது | 22,90,000 |

அக்டோபர் பில்லில் 48,000 வெள்ளியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வடிகால் கான்கிரீட்டின் 28 நாள் கியூப் முடிவு அப்போது வரவில்லை என்பது காரணம். முடிவு இப்போது வந்துவிட்டது, எல்லாம் தேறின. அந்தத் தொகையையும் நவம்பர் வேலைக்கான 1,92,000-ஐயும் சேர்த்து 2,40,000 வெள்ளிக்கு எட்டாவது கிளெய்ம் போட்டாயிற்று. பதில் வரவேண்டிய 21 நாள் கெடுவை அலுவலகம் தேதி குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபருக்கான 1,82,400 இன்னும் கைக்கு வரவில்லை.

கையிலிருந்து 4,66,000 வெள்ளி கூடுதலாகப் போயிருக்கிறது. வேலை மதிப்புக்கும் செலவுக்கும் இடையே மிச்சம் வெறும் 62,000. பம்ப் வாடகையும் காத்திருந்த கூலியும் இதைத் தின்கின்றன. இரண்டையும் கேபிள் கணக்கில் தனியாக எழுதி, தினசரிப் பதிவில் கிளையண்ட் தரப்பு மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வருகிறோம்.

டிசம்பரும் அதற்குப் பிறகும்

கால நீட்டிப்பு அறிவிப்பு நவம்பர் 18 அன்று கொடுத்தாயிற்று. அது கிடைக்காமல் இதே வேகத்தில் போனால் 5 வாரம் தாமதம்; நாளுக்கு 2,500 வெள்ளி வீதம் 87,500 வெள்ளி அபராதம் வரும்.

மேல் பகுதியில் இன்னும் 188 மீட்டர் கட்டலாம். ஒரே ஒரு செட் ஷட்டரிங்தான் இருக்கிறது. இரண்டாவது செட்டை 18,000 வெள்ளிக்கு வாடகைக்கு எடுத்தால் டிசம்பரில் 100 மீட்டர் முடிப்பேன். கேபிளைச் சொன்ன தேதியில் மாற்றிவிட்டால் அந்த 60 மீட்டரை ஜனவரியில் இணைத்துவிடலாம். பிரிகாஸ்ட் வடிகால் பற்றியும் கேட்டுப் பார்த்தேன். புதிய வரைபட ஒப்புதலுக்கே நேரம் போய்விடும், வேண்டாம்.

ஷட்டரிங் வாடகைக்கு டிசம்பர் 4-க்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பிறகு சப்ளையர் அந்த செட்டை வேறு சைட்டுக்குக் கொடுத்துவிடுவார்.