வெள்ளவத்தை வீடொன்றின் யன்னலோர வாசிப்பு மூலை: வீட்டு அலங்காரப் பதிவுக்கான படக் குறிப்பு

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் உள்ள பழைய இரண்டு மாடி வீட்டின் மேல்மாடி அறையில், மேற்குப் பார்த்த யன்னலையொட்டி அமைந்த வாசிப்பு மூலையை, உண்மையான ஒளிப்படம் போன்ற தோற்றத்தில் காட்டும் நெடுக்குவாட்டுப் படம் ஒன்றை உருவாக்குக. படத்தின் விகிதம் 4:5 ஆகவும் அளவு 1080×1350 படப்புள்ளிகளாகவும் இருக்க வேண்டும். காலம் பெப்ரவரி நடுப்பகுதி, நேரம் பிற்பகல் 4.15 மணி. அறையில் எவரும் இல்லை. ஆனால் அது நாள்தோறும் புழங்கப்படும் இடம் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

இதமான வாசிப்பு மூலை என்றதும் கம்பளிப் போர்வை, கணப்படுப்பு, பனி படிந்த கண்ணாடி, மெழுகுவர்த்தி, சரவிளக்கு ஆகியவற்றை வரைந்துவிடும் பழக்கம் பரவலாக உண்டு. இந்தப் படத்தில் அவற்றுள் ஒன்றுகூட வரலாகாது. கொழும்பில் ஒருவர் புத்தகத்தோடு ஒதுங்கும் இடம் சூட்டைத் தேடி அல்ல, நிழலையும் காற்றையும் தேடியே தெரிவு செய்யப்படுகிறது. வெயில் வெளியே நிற்க, அதன் வெளிச்சம் மட்டும் வடிகட்டப்பட்டு உள்ளே வருகிறது என்ற உணர்வை இந்தப் படத்தின் ஒவ்வொரு பொருளும் தாங்கி நிற்க வேண்டும். துணி பருத்தியாக, தரை குளிர்ந்த சீமெந்தாக, யன்னல் திறந்ததாக இருக்கட்டும்.

யன்னல் இரட்டைக் கதவு கொண்ட தேக்குமர யன்னல். இரு கதவுகளும் வெளிப்புறமாகத் திறக்கப்பட்டு, காற்றில் அடிபடாதபடி இரும்புக் கொக்கியில் மாட்டப்பட்டுள்ளன. மேலே சிறு கண்ணாடிச் சதுரங்கள் பதித்த ஒரு வரிசை. அவற்றில் இரண்டு மட்டும் மங்கிய பச்சை நிறம், ஏனையவை நிறமற்றவை. கொழும்பு வீடுகளில் யன்னற் கம்பிகள் இல்லாமல் இருப்பது அரிது; அழகுக்காக அவற்றை அகற்றிவிட்டால் வீடு வேறெங்கோ போய்விடும். ஆகவே வெள்ளை வர்ணம் பூசிய நெடுக்குக் கம்பிகள் அப்படியே இருக்க வேண்டும். அவற்றின் மெல்லிய நிழற்கோடுகள் இருக்கையின் மீது சாய்ந்து விழ வேண்டும்.

யன்னலுக்கு வெளியே கடலைக் காட்ட வேண்டாம். கடல் தெரிந்தால் பார்ப்பவரின் கண் அங்கேயே போய் நின்றுவிடும். பதிவு பேசவிருப்பது மூலையைப் பற்றியே. அதற்குப் பதிலாக, முற்றத்திலிருந்து மேல்மாடி வரை வளர்ந்த ஈரப்பலா மரத்தின் கிளை ஒன்று யன்னலின் மேல் பாதியை நிரப்பட்டும். ஆழமாகப் பிளவுபட்ட அதன் பெரிய இலைகள் பின்னொளியில் இளம்பச்சையாகத் தெரிய, அவற்றுக்கிடையே வெளிறிய வானமும் அயல்வீட்டு ஓட்டுக்கூரையின் ஒரு விளிம்பும் மங்கலாகத் தென்படலாம். கடல் அருகில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு குறிப்பால் உணர்த்தலாம்: உப்புக்காற்றினால் கொக்கியிலும் கதவின் பிணைச்சல்களிலும் படிந்த சிறிதளவு துரு.

ஒளிதான் இந்தப் படத்தின் உயிர் என்பதால் அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. பெப்ரவரி நடுப்பகுதியில் கொழும்பில் இந்த நேரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், நேர் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே விலகி நிற்கும். அறைக்குள் நின்று யன்னலைப் பார்ப்பவருக்கு வெயில் இடப்பக்கத்திலிருந்து சரிந்து வந்து, வலப்பக்கச் சுவரையும் இருக்கையின் வலது முனையையும் தொடும். நண்பகல் வெயிலைத் தடுக்கும் கூரை நீட்சி, இவ்வளவு தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்காது. அந்த வேலையை மரமும் திரைச்சீலையும் பகிர்ந்து செய்கின்றன. எனவே யன்னலின் இடது பாதியில் மெல்லிய, வெளுக்காத பருத்தித் துணியாலான திரை தொங்க வேண்டும். அது வெயிலை வாங்கி, பால் கலந்த வெண்மையாகப் பரப்புகிறது. வலது பாதியில் திரை விலக்கப்பட்டிருக்க, இலைகளினூடாக வந்த வெயில் உடைந்த திட்டுகளாக விழுகிறது. திரையின் கீழ்விளிம்பு காற்றில் ஒரு சாண் அளவு உள்நோக்கி எழும்பியிருக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம், புயல் வீசுவது போலாகிவிடும்.

ஒளியின் நிறம் இளமஞ்சள் கலந்த வெண்மை. அந்திநேரச் செம்மஞ்சளோ பொன்னிறமோ அன்று. சூரியன் மறைய இன்னும் 2 மணித்தியாலம் இருக்கிறது. நிழல்கள் கரியதாக இறுகிவிடாமல், வெள்ளைச் சுவரிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தால் இளகியிருக்க வேண்டும். நிழலில் உள்ள பலகையின் வரிகள்கூடக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தூசு மிதக்கும் ஒளிக்கற்றைகளையும் புகைமூட்டத்தையும் தவிர்க்குக. அறைக்குள் மின்விளக்கு எதுவும் எரியக்கூடாது.

இருக்கை, இரண்டு புத்தக அலுமாரிகளுக்கு நடுவே சுவரோடு சேர்த்துச் சீமெந்தால் கட்டப்பட்ட திண்ணை. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தமது வீட்டில் செய்தது போல, தளபாடமாக வாங்கி வைக்காமல் கட்டடத்தின் பகுதியாகவே இருக்கையை எழுப்பும் முறை இது. அதன் எளிமையும் வெண்மையும் இங்கேயும் தேவை. நீளம் 150 சென்ரிமீற்றர், ஆழம் 60, மெத்தையோடு சேர்த்து உயரம் 45. வயது வந்த ஒருவர் பக்கத்து அலுமாரியில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடித்து அமர இந்த அளவு போதும். கால்களை முழுதாக நீட்டிப் படுக்கும் கட்டிலாக அதைப் பெருப்பிக்க வேண்டாம். திண்ணையின் மேற்பரப்பில் பலாப்பலகை பதிக்கப்பட்டுள்ளது. புதிதில் மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறிய அதன் நிறமே இருக்கையின் மிகச் சூடான நிறமாக இருக்கட்டும்.

மெத்தை 10 சென்ரிமீற்றர் தடிப்பு. உறை கைத்தறிப் பருத்தி, கடற்பச்சையும் வெள்ளையும் கலந்த அகலமான கோடுகள். தலையணைகள் மூன்று மட்டும்: இரண்டு இடது முனையில் அலுமாரியோடு சாய்த்தவை, ஒன்று முதுகின் கீழ்ப்பகுதிக்கான சிறியது. இடது முனையில் சாய்ந்திருப்பவரின் இடத்தோளுக்குப் பின்னிருந்து வெளிச்சம் வந்து புத்தகத்தில் விழும். கண்ணில் வெயில் குத்தாது. தலையணைகளை வலது முனைக்கு மாற்றினால் படத்தின் அமைப்பு கெடாது, ஆனால் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் அங்கே உட்காரமாட்டார். சிறிய தலையணையில் ஒருவர் இப்போதுதான் எழுந்து சென்றதற்கான குழிவு இருக்கட்டும்.

புத்தகங்களே இந்த மூலையின் சொந்தக்காரர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவரது பேத்தியும் பகிர்ந்து வாசிக்கும் இடம் என்று எண்ணிக்கொண்டு அவற்றை அடுக்குக. திண்ணையின் வலது முனையில், வெயில் திட்டு தொடும் இடத்தில், ஒன்பது புத்தகங்கள் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் கெட்டி அட்டைக் கட்டுடைய தடித்த அகராதி. அதன்மேல் பழுப்புத் தாளால் உறை போட்ட இரண்டு. பின்னர் முதுகு வெளிறிய மெல்லிய கவிதைத் தொகுப்புகள். உச்சியில் கவிழ்த்து வைக்காமல் மூடி வைத்த ஒரு நாவல், அதன் நடுவிலிருந்து எட்டிப்பார்க்கும் காய்ந்த வேப்பிலைக் காம்பு. பூச்சிக்காக ஏட்டிடையே வேப்பிலை வைப்பது நம் வீடுகளின் பழக்கம். அடுக்கு அளவெடுத்ததுபோல் நேராக இருக்கலாகாது. ஒவ்வொன்றும் சிறிது திரும்பியிருக்க வேண்டும். இடது முனைக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில், தரையில் இன்னொரு சிறிய அடுக்கு: நான்கு புத்தகங்களும் பழைய சஞ்சிகைகள் சிலவும். அலுமாரிகளில் உள்ளவை நெருக்கமாக, உயரம் மாறி மாறி நிற்கட்டும். நிறவாரியாகப் பிரித்து அடுக்கக்கூடாது, முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பியும் வைக்கக்கூடாது. தேடிய நூலை எடுக்க முடியாத அடுக்கு வாசிப்பவரின் அடுக்கு அல்ல.

புத்தக முதுகுகளிலுள்ள எழுத்துகள் குறித்து உறுதியாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்து தெளிவாகவும் பிழையின்றியும் வருமானால் ‘சிறுகதைகள்’, ‘கவிதைகள்’, ‘தமிழ் அகராதி’ ஆகிய பொதுச்சொற்கள் மட்டும் மூன்று முதுகுகளில் தெரியலாம். கொம்பும் காலும் இடம்மாறிய, எந்த மொழிக்கும் சேராத கீறல்கள் வருமானால், எல்லா முதுகுகளையும் எழுத்தில்லாத துணிக்கட்டாகவே காட்டுக. சிதைந்த தமிழ் எழுத்து தமிழ் வாசகருக்கு முதல் பார்வையிலேயே உறுத்தும்.

காகிதத்தின் விளிம்புகள் தூய வெள்ளையாக இருக்க வேண்டாம். இந்நகரின் ஈரக்காற்றில் காகிதம் பழுப்பேறி, ஓரங்களில் சிறு புள்ளிகள் படியும். அந்த அடையாளம் பழைய புத்தகங்களில் மட்டும், மெல்லியதாக.

ஏனைய பொருட்கள் குறைவு. தரையில் சிவப்புச் சீமெந்து, மெழுகித் தேய்த்த மங்கிய பளபளப்புடன். அதன்மேல் ஒரு சிறிய பன்பாய். புத்தக அடுக்கின் அருகில் கண்ணாடிக் குவளையில் பால் கலக்காத தேநீர், பாதி குடித்தது. வெயில் பட்டு அதன் செம்பழுப்பு நிழல் பலகையில் விழுகிறது. யன்னற் கம்பியில் செருகிய பனையோலை விசிறி ஒன்று. அலுமாரியின் கீழ்த்தட்டில் மூடியிட்ட பனையோலைப் பெட்டி. பூச்சாடி, வாசகம் எழுதிய பலகை, பிளாஸ்ரிக் கொடி, பொம்மை எதுவும் வேண்டாம்.

ஒளிப்படக் கருவி அறையின் தென்கிழக்கு மூலையில், அமர்ந்திருப்பவரின் கண்மட்டமான 110 சென்ரிமீற்றர் உயரத்தில், 35 மில்லிமீற்றர் வில்லையுடன் இருப்பதாகக் கொள்க. யன்னலின் நெடுக்குக் கோடுகள் செங்குத்தாகவே நிற்க வேண்டும். கூர்மை புத்தக அடுக்கில் விழ, முழு இருக்கையும் தெளிவாகத் தெரிய, மரக்கிளை மட்டும் சற்று மங்கட்டும். படத்தின் இடது மேற்பகுதியில் நிழல் படிந்த வெற்றுச் சுவர் தெரிய வேண்டும். பதிவின் தலைப்பு அங்கே இடப்படும் என்பதால், அந்தப் பகுதியில் சட்டமிட்ட படமோ நிழற்கோடுகளோ வரக்கூடாது.

இதே அறையிலிருந்து, இதே ஒளியில், 1:1 விகிதத்தில் இரண்டாவது படம் ஒன்றும் தேவை. அதில் இருக்கையின் வலது முனை மட்டும் அருகிலிருந்து: புத்தக அடுக்கு, வேப்பிலைக் காம்பு, தேநீர்க் குவளையின் நிழல், மெத்தை உறையின் நெசவு. புத்தகங்களின் வரிசையும் நிறமும் முதற்படத்தில் உள்ளவாறே இருக்க வேண்டும். குவளையில் தேநீரின் அளவும் மாறக்கூடாது. இந்தப் படத்தில் தலைப்புக்கு இடம் விடத் தேவையில்லை.