எங்கட குளங்கள்: தரம் 8 வினாடி வினா வீடியோவுக்கான முழு ஸ்கிரிப்ட்

தம்பி, எடிட் தொடங்க முதல் இதை வாசி. பிள்ளையள் பாக்கிறது அம்மான்ர போனில, அதுவும் முத்தத்து வெளிச்சத்தில. அதால எல்லாக் கார்டும் வெளிர்மஞ்சள், எழுத்துக் கறுப்பு. எடிட்டிங் ஆப்புக்குள்ள நேர தமிழ் அடிச்சால் சில நேரம் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிக்கும். ஸ்லைட்டில அடிச்சுப் படமா எடுத்துப் போடு. "இரணைமடு"வில "ணை" சரியா நிக்குதோ எண்டு பெரிசாக்கிப் பார். 720பி போதும், வாட்ஸ்அப்பில போக வேணும்.

டைமர் ஓடேக்க ஒரு குரலும் வேண்டாம். நான் மூண்டு விடையையும் வாசிச்சு முடிச்ச பிறகுதான் அது தொடங்க வேணும். கடைசி 3 விநாடி இலக்கம் சிவப்பு, மெல்லிய "டிக்". மேளம் கொட்டாதை, யோசிக்கிற பிள்ளை பதறும்.

தொடக்கம்

குரல்: வணக்கம் பிள்ளையள். கொப்பியும் பேனையும் எடுங்கோ. விடையை வாயால சொல்லாமல் எழுதுங்கோ, பிறகு மாத்தக் கூடாது!

கார்டு 1

திரையில்: குளம் நிரம்பியதும் மேலதிக நீர் வெளியேறும் பகுதி எது?
அ. துருசு  ஆ. வான்  இ. வாய்க்கால்

டைமர்: 8 விநாடி

விடை: ஆ. வான்

குரல்: மாரியில "வான் பாயுது" எண்டு ஊரே பாக்கப் போறது இதைத்தான். துருசைத் திறக்கிறது வயலுக்குத் தண்ணி விட. அந்தத் தண்ணியைக் கொண்டுபோறது வாய்க்கால். வான் இல்லாட்டில் தண்ணி அணைக்கு மேலால வழிஞ்சு, மண்ணை அரிச்சு, கட்டையே உடைச்சுப் போடும்.

(இந்த இடத்தில வான் பாயிற வீடியோத் துண்டு 5 விநாடி. சத்தத்தோட விடு.)

கார்டு 2

திரையில்: கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தரும் ஆறு எது?
அ. பாலி ஆறு  ஆ. கனகராயன் ஆறு  இ. அருவி ஆறு

டைமர்: 8 விநாடி

விடை: இ. அருவி ஆறு

குரல்: மல்வத்து ஓயா எண்டு புத்தகத்தில படிச்சதும் இதே ஆறுதான். தேக்கம் அணைக்கட்டில மறிச்சு மன்னார்க் கட்டுக்கரைக்குத் திருப்பியிருக்கு. பாலி ஆற்றுத் தண்ணி வவுனிக்குளத்துக்கு.

கார்டு 3

திரையில்: இரணைமடு வான் பாய்ந்தால் அந்த நீர் கடைசியில் எங்கே சேரும்?
அ. நந்திக்கடல்  ஆ. சுண்டிக்குளம் கடனீரேரி  இ. மன்னார் வளைகுடா

டைமர்: 12 விநாடி. பின்னால ஆற்றுப் பெயர் இல்லாத வரைபடம்.

விடை: ஆ. சுண்டிக்குளம் கடனீரேரி

குரல்: கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்க ஓடுது. வழியில மறிச்சுக் கட்டினதுதான் இரணைமடு, வட மாகாணத்தின்ர பெரிய குளம். மிஞ்சின தண்ணி ஆனையிறவுக்குக் கிழக்கால சுண்டிக்குளத்துக்குப் போகும். நந்திக்கடல் எண்டு எழுதின ஆக்கள் வரைபடத்தை இன்னொருக்காப் பாருங்கோ, அது முல்லைத்தீவுக்குக் கிட்ட.

(விடை வரேக்க ஆற்றின்ர நீலக்கோடு தெற்கில இருந்து வடக்க மெல்ல ஊர வேணும். விடையை விட இந்தக் கோடுதான் பிள்ளையளின்ர மனசில நிக்க வேணும், அவசரப்படாதை.)

கார்டு 4

திரையில்: ஒரு ஹெக்டேயர் வயலில் 100 மில்லிமீற்றர் மழை. எத்தனை லீற்றர் நீர்?
அ. 10,000  ஆ. 1,00,000  இ. 10,00,000

டைமர்: 60 விநாடி. 30இல "1 ஹெக்டேயர் = 10,000 சதுர மீற்றர்" எண்டு கீழ காட்டு.

விடை: இ. 10,00,000

குரல்: ஒரு சதுர மீற்றரில ஒரு மில்லிமீற்றர் மழை எண்டால் ஒரு லீற்றர். 100 மில்லிமீற்றருக்கு 100 லீற்றர். அதைப் பத்தாயிரத்தால பெருக்கினால் பத்து இலட்சம்! பிழைச்ச ஆக்கள் பெருக்கலை மட்டும் இல்லை, முதல் வரியையும் திரும்பச் செய்யுங்கோ.

(மூண்டு படியும் ஒண்டொண்டா வரட்டும். ஒரேயடியாக் காட்டினால் ஆரும் வாசிக்க மாட்டினம்.)

கார்டு 5

திரையில்: தென்மேல் பருவக்காற்று வன்னிக்கு அதிக மழை தராதது ஏன்?

(விடைத் தெரிவுகள் இல்லை. ஒரு வசனம் எழுத வேணும்.)

டைமர்: 45 விநாடி

விடை: மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்ட காற்றாக வருவதால்.

குரல்: அதுதான் எங்கட சோளகம் புழுதியோட வருது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில தொடங்கி, பிறகு வடகீழ்ப் பருவக்காற்றோட. காலபோகம் அந்த மழையில, சிறுபோகம் குளத்தில மிஞ்சினதில.

கடைசிக் கார்டு

திரையில்: உங்கள் ஊர்க் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

(டைமரும் இல்லை, விடையும் இல்லை. கார்டு 10 விநாடி நிக்கட்டும்.)

குரல்: அம்மம்மாவிட்டயோ, கமக்காரர் அமைப்பில இருக்கிற ஆரிட்டயோ கேளுங்கோ. வான் எந்தப் பக்கம், துருசு எந்தப் பக்கம் எண்டு ஒரு படம் கீறி, திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாங்கோ.