அக்கா மகள் காதணி விழாவுக்காக ஒரு நாள் விடுப்பு வேண்டுதல்

திருப்பூர்
21.08.2025, வியாழன்

அனுப்புநர்:
பா. செல்வபாண்டி
உதவி மெர்ச்சண்டைசர், ஐரோப்பிய ஆர்டர் பிரிவு

பெறுநர்:
மேலாளர் அவர்கள்
மெர்ச்சண்டைசிங் பிரிவு

பொருள்: 04.09.2025 வியாழக்கிழமை ஒரு நாள் விடுப்பு கேட்டு

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். வரும் செப்டம்பர் 4ஆம் தேதி வியாழக்கிழமை எனக்கு ஒரு நாள் விடுப்பு தர வேண்டுகிறேன். என் அக்கா மகளுக்கு அன்று உசிலம்பட்டி பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். நான் தாய்மாமன்.

நான் வேலையில் சேர்ந்தது ஜூன் 2ஆம் தேதி. ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடியவில்லை. 240 நாள் வேலை பார்த்த பிறகுதான் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்பதும் தெரியும். அதனால் இதைச் சம்பளப் பிடித்தத்தோடு கூடிய விடுப்பாகவே கேட்கிறேன். இதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை பார்க்கச் சொன்னாலும் சம்மதம். ஆகஸ்ட் 31 ஞாயிறு பேக்கிங்கில் வேலை இருக்கும் என்று முருகேசன் அண்ணன் சொன்னார். நீங்கள் சரி என்றால் அன்றைக்கே வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் வீட்டில் அதையேதான் கேட்டேன். ஆடியில் எதுவும் பேச வேண்டாம் என்று பெரியவர்கள் இருந்துவிட்டார்கள். ஆவணி பிறந்த அன்று, போன ஞாயிறுதான், உட்கார்ந்து நாள் பார்த்தார்கள். 24ஆம் தேதி ஞாயிறு என்றால் பத்திரிகை அடிக்கக்கூட நேரமில்லை. 31 ஞாயிறு அஷ்டமி. செப்டம்பர் 7 ஞாயிறு பௌர்ணமி என்றாலும் அன்று இரவு சந்திர கிரகணம், அன்றைக்கு ஆகாது என்று பூசாரி சொல்லிவிட்டார். 14ஆம் தேதி தேய்பிறை. அதைத் தாண்டினால் புரட்டாசி பிறந்துவிடும், எங்கள் கோயிலில் கிடா வெட்டு இல்லாமல் விசேஷம் கிடையாது. ஐப்பசியில் வைக்கலாம் என்றால் அதற்குள் பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்து நான்கு தொடங்கிவிடும். ஒற்றைப்படை வயதில்தான் காது குத்த வேண்டும் என்பதில் எங்கள் அப்பத்தா பிடிவாதமாக இருக்கிறார். கடைசியில் எல்லாருக்கும் ஒத்து வந்தது 4ஆம் தேதி வளர்பிறை வியாழன் ஒன்றுதான். காலை 10.45க்கு மேல் 11.45க்குள் நேரம் குறித்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் சார். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று ஊரில் ஆள் இருக்கிறார்கள். பந்தல், சமையல், பந்தி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதற்கெல்லாம் நான் தேவையில்லை. ஆனால் முடி எடுக்கும்போது பிள்ளை என் மடியில் உட்கார வேண்டும். குளிப்பாட்டியதும் மாமன் வீட்டுப் பட்டுப்பாவாடையைக் கட்டி, மறுபடி என் மடியில் வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். சீர்த்தட்டு, தோடு, கிடாய் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். சொந்த தாய்மாமன் இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அக்காவுக்கு அவள் புகுந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சாகிவிடும். மாமா வீட்டார் நல்லவர்கள்தான், ஆனாலும் ஊர் வாய் வேறு.

புதன்கிழமை வழக்கம்போல மாலை வேலை முடிந்த பிறகே கிளம்புவேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக மாறி மாறிப் போனாலும் நள்ளிரவுக்குள் சேர்ந்துவிடலாம். வியாழன் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டு ராத்திரிக்குள் திருப்பூர் வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு என் சீட்டில் இருப்பேன். வெள்ளி மிலாது நபி அரசு விடுமுறை என்றாலும் நமக்கு வேலை நாள் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். அதையும் சேர்த்து இரண்டு நாளாகக் கேட்கவில்லை. அரை நாள் பர்மிஷனில் முடியுமா என்றும் யோசித்துப் பார்த்தேன், தூரத்துக்கு அது ஒத்து வராது.

யாராக இருந்தாலும் லீவு கேட்டால் காரணத்தை ஒரு வரியிலும் வேலை எங்கே நிற்கிறது என்பதை ஒரு பக்கத்திலும் எழுத வேண்டும் என்று நான் சேர்ந்த வாரமே சொன்னீர்கள். காரணம் ஒரு வரிக்குள் அடங்கவில்லை, மன்னிக்கவும். வேலை நிலவரம் கீழே.

முதலில் இடைஞ்சலான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பைஜாமா செட் ஆர்டருக்கு, 4,800 செட், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அதே 4ஆம் தேதிதான் கேட்டிருக்கிறோம். இன்ஸ்பெக்டர் வரும்போது சரக்கு முழுவதும் தைத்து முடிந்து, 80 சதவீதமாவது பெட்டியில் இருக்க வேண்டும். இன்றைய கணக்குப்படி செப்டம்பர் 1 திங்கட்கிழமைக்குள் தையல் முடிகிறது, புதன் மதியத்துக்குள் 200 பெட்டியும் கட்டி முடிந்துவிடும் என்று பேக்கிங்கில் சொல்கிறார்கள். அதற்காகத்தான் 31ஆம் தேதி ஞாயிறு நானும் வந்து நிற்கிறேன் என்று மேலே எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷனை நடத்துவது முருகேசன் அண்ணன், கூட நின்று ஃபைல் காட்டுவதுதான் என் வேலை. அப்ரூவ் ஆன பிபி சாம்பிள், டிரிம் கார்டு, பேக்கிங் லிஸ்ட், பையர் கமெண்ட் வந்த மெயில்களின் பிரிண்ட், வாஷ் கேர் லேபிள் அப்ரூவல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வரிசையாக வைத்துப் புதன் மாலை கவிதா அக்காவிடம் ஒப்படைப்பேன். அக்காவிடம் நேற்றே கேட்டேன். அவருக்கு அன்று வேறு இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஏக்யூஎல் 2.5 என்பதால் 200 செட் எடுத்துப் பார்ப்பார்கள், மேஜர் டிஃபெக்ட் 10 வரைதான் தாங்கும். எனக்குப் பயம் இருப்பது அளவில் இல்லை, கழுத்துப் பட்டியில் எண்ணெய்க் கறை வருவதில்தான். போன வாரம் மூன்றாவது லைனில் சில பீஸ் அப்படி வந்ததை செக்கிங்கில் பிரித்து வைத்தார்கள். அந்த லைன் சரக்கு போன பெட்டிகளின் எண்களைக் குறித்து, செவ்வாய்க்கிழமையே நானும் செக்கிங் அக்காக்கள் இரண்டு பேரும் திறந்து மறுபடி பார்த்துவிடுகிறோம். இதற்கு உங்கள் அனுமதி வேண்டும், ஏனென்றால் அவர்களை அரை நாள் வேறு ஸ்டைலில் இருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகள் ராம்பர் ஸ்டைலுக்கு பிபி சாம்பிள் 5ஆம் தேதிக்குள் கூரியரில் கிளம்ப வேண்டும். அதை 3ஆம் தேதி புதன்கிழமையே அனுப்பிவிடுவேன். சாம்பிள் மாஸ்டரிடம் பேசினேன், திங்கட்கிழமை தைத்துத் தருகிறேன் என்கிறார். துணியின் ஷ்ரிங்கேஜ் 5 சதவீதத்துக்குள் இருக்கிறது, ரிப்போர்ட்டை சாம்பிளோடு சேர்த்து வைக்கிறேன். ஏர்வே பில் எண்ணை அன்று மாலையே உங்களுக்கும் பையருக்கும் மெயில் செய்துவிடுவேன்.

பையன்கள் டி-ஷர்ட்டுக்கு, 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, நேவி ஓகே ஆகிவிட்டது. சிவப்பு மட்டும் லேப் டிப் திருப்பி அனுப்பினார்கள், டி65 வெளிச்சத்தில் சரியாக இருப்பது டிஎல்84 வெளிச்சத்தில் மஞ்சளடிக்கிறது என்று. பெருந்துறை டையிங்கில் இருந்து புதிய ஏ, பி, சி மூன்றும் 26ஆம் தேதி வருகிறது. 27 விநாயகர் சதுர்த்தி லீவு என்பதால் 28ஆம் தேதி லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து அன்றே அனுப்பிவிடலாம். பையரின் பதில் ஒருவேளை 4ஆம் தேதி வந்தால் கவிதா அக்கா பார்த்து டையிங்குக்குச் சொல்லிவிடுவார். எந்த ஷேடு ஓகே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மேல் அன்று செய்ய வேண்டியது எதுவும் இருக்காது.

ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 12.30. அதற்குள் காது குத்து முடிந்திருக்கும். கோயில் இருக்கும் இடத்தில் சிக்னல் சரியாக வராது, ஒரு மணிக்கு மேல் ரோட்டுப் பக்கம் வந்து மெயில் பார்த்துவிடுவேன். அவசரம் என்றால் கூப்பிடுங்கள் சார். 10.45 முதல் 11.45 வரை மட்டும் எடுக்க முடியாது, மடியில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.

27ஆம் தேதி முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போடுவதால் ஊரே என்ன ஆகுமோ என்று இருக்கிறது. நம் பிரிவில் ஐரோப்பிய ஆர்டர்களை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும் என்று திங்கட்கிழமை மீட்டிங்கில் சொன்னீர்கள். இப்படிப்பட்ட சமயத்தில், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவன் லீவு கேட்பது எப்படித் தெரியும் என்ற தயக்கம் எனக்கு நிறையவே இருந்தது. கடைசி நேரத்தில் வந்து நிற்பதைவிட, இரண்டு வாரம் முன்பே கேட்டுவிட்டால் இன்ஸ்பெக்‌ஷன் தேதியை மாற்றுவதோ வேறு ஆள் போடுவதோ உங்கள் கையில் இருக்கும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

தேதியை 3ஆம் தேதிக்கோ 5ஆம் தேதிக்கோ மாற்றலாம் என்று நீங்கள் நினைத்தால் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசுக்கு மெயில் நான் தயார் செய்து தருகிறேன். 3ஆம் தேதி என்றால் பேக்கிங் இழுபறியாகும், 5ஆம் தேதி என்றால் கண்டெய்னர் லோடிங்குக்கு ஒரு நாள் இடைவெளிதான் மிஞ்சும். என்னைக் கேட்டால் 4ஆம் தேதியையே வைத்துக்கொள்வது நல்லது. முடிவு உங்களுடையது.

பத்திரிகை இன்னும் அச்சில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ப்ரூப்பின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அச்சடித்து வந்ததும் உங்களுக்கும் டிபார்ட்மெண்டில் எல்லாருக்கும் முறையாகத் தட்டில் வைத்துக் கொடுக்கிறேன். வேலை நாள் என்பதால் வரச் சொல்லி வற்புறுத்த முடியவில்லை, ஆனால் அந்தப் பக்கம் வர நேர்ந்தால் சாப்பிடாமல் போகக் கூடாது.

ஊருக்கு நான் வருவது உறுதியா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
தங்கள் உண்மையுள்ள,
பா. செல்வபாண்டி

இணைப்பு: காதணி விழா அழைப்பிதழ் பிரதி
நகல்: கவிதா அக்கா (சீனியர் மெர்ச்சண்டைசர்), முருகேசன் அண்ணன் (க்யூசி)